சாவி கொடுப்பதற்கு முன்: வெளிநாட்டு ஊர்ச்சங்கங்களுக்கு வேலணையிலிருந்து ஒரு திறந்த மடல்

லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் சுவிஸிலும் இருந்துகொண்டு தீவகத்துக்கு உதவி அனுப்பும் எங்கள் உறவுகளே,

நடக்க முடியாதவர்களுக்குப் பக்கச்சில்லு பூட்டிய ஸ்கூட்டர் வாங்கிக் கொடுக்கிறீர்கள். கால் இழந்த குடும்பத் தலைவருக்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக வேண்டிய தாய்க்கும் அந்த வண்டி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இளம்பிள்ளை வாதம் என் இடக்காலை மெலிய வைத்துவிட்டது. அப்படி ஒரு ஸ்கூட்டரில்தான் நான் வேலைக்குப் போய் வருகிறேன். ஆகவே நன்றி கெட்டவளாக இதை எழுதவில்லை. உங்கள் உதவி பாதி வழியில் நின்றுபோகிறது, மீதிப் பாதியையும் நீங்களே முடித்துத் தர வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

மண்டபத்தில் மாலை போட்டு, படம் எடுத்து, சாவியைக் கையில் கொடுக்கிறீர்கள். மறுநாள் காலையில் அந்த மனிதரிடம் வண்டி இருக்கிறது. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. வண்டியைப் பழக்கிவிட ஆள் இல்லை. பூட்டிய பக்கச்சில்லு வண்டியின் பதிவில் ஏறவில்லை. அவர் என்ன செய்வார்? வீட்டு முற்றத்தில் இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பார். பிறகு ஒழுங்கையில் ஓட்டுவார். பிறகு கடைக்கு, கோயிலுக்கு. ஒரு நாள் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். பொலிஸ் மறித்தால் வழக்கு. பொலிஸ் மறிக்காமல் வீதியில் ஒரு சைக்கிள்காரருடன் முட்டுப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருந்தாலும், ஓட்டியவருக்கு அந்த வகுப்பு வண்டிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை, வண்டியின் அமைப்பும் பதிவில் உள்ளதுபோல் இல்லை என்றால், காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க வழி இருக்கிறது. அப்போது இழப்பீடு யார் கொடுப்பது? உங்கள் உதவியைப் பெற்றவரின் வீட்டில் இருக்கும் தாலிக்கொடிதான்.

இதற்குப் பயந்து வண்டியை மூடிக் கட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். உப்புக்காற்றில் நிற்கும் வண்டி எத்தனை மாதம் தாங்கும் என்று தீவகத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது ஒன்று செய்யுங்கள். லண்டனிலோ பாரிஸிலோ இருப்பவர்கள் உங்கள் சாரதி அட்டையை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். வாகன வகுப்புகளுக்கு நேரே, 12 என்று இலக்கமிட்ட நிரல் ஒன்று இருக்கும். கண்ணாடி போட்டு ஓட்டுபவர் என்றால் அதில் 01 என்று இருக்கும். ஓட்டோமற்றிக் காரில் பரீட்சை எடுத்தவர் என்றால் 78. மாற்றியமைத்த பிரேக் தேவைப்படுபவருக்கு 20, மாற்றியமைத்த எக்ஸிலேட்டருக்கு 25, மாற்றியமைத்த ஸ்ரியறிங்குக்கு 40. இன்னின்ன மாற்றம் செய்த வண்டியில் இவர் முழுத் தகுதியுள்ள சாரதி என்பதே அந்த இலக்கங்களின் பொருள். உங்களோடு வேலை செய்யும் கால் இழந்த ஒருவர் காலையில் கார் ஓட்டி வருகிறார் என்றால், அவருடைய அட்டையில் அப்படி ஒரு இலக்கம் இருக்கிறது. அவருடைய காரில் அதற்குரிய கருவி இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருப்பதால்தான் பொலிஸும் காப்புறுதிக்காரரும் அவரை மற்றச் சாரதிகளைப் போலவே நடத்துகிறார்கள்.

நீங்கள் ஊருக்கு அனுப்புவது கருவியை மட்டும். அட்டைக்கு உரிய வேலையை யாரும் செய்வதில்லை.

அட்டையும் கருவியும் பொருந்த வேண்டும் என்றால், முதலில் ஆளைப் பார்த்து வண்டியைத் தெரிவு செய்ய வேண்டும். இங்கேதான் உங்கள் சங்கங்களோடு எனக்கு மனத்தாங்கல் அதிகம். ‘மாற்றுத்திறனாளி’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஸ்கூட்டர். எந்த உறுப்பு இல்லை, எது பலமாக இருக்கிறது, அந்த வண்டியை எந்த உறுப்புகள் ஓட்டுகின்றன என்று யாரும் கேட்பதில்லை.

இடக்கால் இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாட்டில் ஓட்டோமற்றிக் காரின் பிரேக்கையும் எக்ஸிலேட்டரையும் வலக்கால்தான் மிதிக்கிறது. இடக்காலுக்கு அங்கே வேலையே இல்லை. அவருக்குக் காரில் எந்த மாற்றமும் தேவையில்லை. ஓட்டோமற்றிக் மட்டும் என்ற நிபந்தனை போதும். வலக்கால் இல்லாதவருக்கு அதே காரில் பிரேக்குக்கு இடப்பக்கம் இன்னொரு எக்ஸிலேட்டர் பூட்டி, பழைய எக்ஸிலேட்டரைத் தகடு போட்டு மறைக்க வேண்டும். அல்லது தள்ளினால் பிரேக், இழுத்தால் எக்ஸிலேட்டர் என்று வேலை செய்யும் கைநெம்பு பூட்ட வேண்டும். செயற்கைக்காலாலேயே மிதிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முழங்காலுக்கு மேலே வெட்டப்பட்டவருக்கு அந்தப் பாதத்தில் உணர்வு கிடையாது. பெடல் எவ்வளவு அமர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பாதம் பெடலுக்கு அடியில் செருகிக்கொண்டாலும் தெரியாது.

ஓட்டோவுக்கு வாருங்கள். ஊரில் பிழைப்புக்கு உதவுவது பெரும்பாலும் அதுதான். எங்கள் வீதிகளில் ஓடும் ஓட்டோவில் கிளச்சும் கியரும் இடக்கையில், எக்ஸிலேட்டர் வலக்கையில், பிரேக் மட்டும் வலக்காலில். இடக்கால் இல்லாதவர் அதை இருக்கிறபடியே ஓட்டலாம். ஆனால் வலக்கால் இல்லாதவருக்கு வண்டியின் முதன்மைப் பிரேக்கையே கைக்குக் கொண்டுவர வேண்டும். வண்டியை நிறுத்தி வைக்கும் ஹாண்ட்பிரேக்கை அதற்குப் பதிலாக நம்பி ஓடக் கூடாது. ஓடும் வண்டியைத் திரும்பத் திரும்ப நிறுத்துவதற்காக அது செய்யப்படவில்லை. அது சில்லுகளை ஒரேயடியாக இறுக்கிவிடவும் கூடும்.

இரண்டு கால்களும் பலவீனமானவருக்கு ஸ்கூட்டர் ஏன் ஏற்றது என்பதும் இதே கணக்கில்தான் தெரியும். பெப், டியோ போன்ற ஸ்கூட்டர்களில் கியர் இல்லை, இரண்டு பிரேக்கும் கையில். ஓடும்போது காலுக்கு வேலை இல்லை. நிற்கும்போது வண்டி சரியாமல் தாங்குவதற்குத்தான் கால் வேண்டும். அந்த ஒரு வேலையைப் பக்கச்சில்லுகள் எடுத்துக்கொள்கின்றன. அதே ஸ்கூட்டரை இடக்கை இல்லாதவருக்குக் கொடுத்தால் பின்பிரேக்கைப் பிடிக்க அவருக்கு வழியில்லை. அவருக்கு வேண்டியது பக்கச்சில்லு அல்ல, இரண்டு பிரேக்கையும் வலக்கை நெம்பு ஒன்றிலேயே இணைக்கும் வேலை. ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் இந்த இருவருக்கும் ஒரே மாதிரி வண்டி கொடுத்தால் ஒருவருக்கு உதவி, மற்றவருக்கு ஆபத்து.

பக்கச்சில்லு பூட்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பணம் கட்டும் வேலை இது. தொலைபேசியில் வரும் படத்தைப் பார்த்து இதன் தரத்தை அறிய முடியாது.

ஊரில் பூட்டுவதில் பெரும்பாலும் ஸ்கூட்டரின் சொந்தப் பின்சில்லு நடுவில் அப்படியே இருக்கும். அதன் இரு பக்கமும் இரும்புச் சட்டத்தில் இரண்டு சிறு சில்லுகள் வரும். எஞ்சினின் இழுவை நடுச்சில்லுக்கு மட்டும்தான் போகிறது. பின்பிரேக்கும் அதில் மட்டும்தான். அப்படியென்றால் பாரத்தின் பெரும் பங்கு நடுச்சில்லில் விழ வேண்டும். கராஜ்காரர் பக்கச்சில்லுகளைக் கொஞ்சம் தாழ்த்தி ஒட்டிவிட்டால், அவையே வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். நடுச்சில்லு நிலத்தில் பட்டும் படாமலும் நிற்கும். மட்டமான சீமெந்துத் தரையில் வண்டி அழகாக நிற்கும். படத்தில் இன்னும் அழகாக இருக்கும். பள்ளமான வீதிக்கு வந்ததும் நடுச்சில்லு அந்தரத்தில் சுழலும், வண்டி நகராது. அதைவிட மோசம், பிரேக் பிடித்தால் அந்தரத்தில் நிற்கும் சில்லுதான் நிற்கும், வண்டி நிற்காது. எதிர்ப்பக்கமாக, பக்கச்சில்லு மிக உயர்ந்து இருந்தால் வண்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தொப்பென்று சாய்ந்துகொண்டே போகும். காலை ஊன்ற முடியாதவருக்கு ஒவ்வொரு சாய்வும் நெஞ்சை அடைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஓட்டப்போகிறவரையே வண்டியில் இருத்துங்கள். அவருடைய கக்கத்தடியையும் வழக்கமாகக் கொண்டுபோகும் சாமானையும் ஏற்றுங்கள். அதற்கு முன்பே நடுச்சில்லுக்கு அடியில் ஒரு தாள் துண்டை வைத்துவிட வேண்டும். ஆள் இருந்த பிறகு தாளை இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்தச் சில்லில் பாரம் இல்லை, வண்டியைத் திருப்பிக் கராஜுக்கு அனுப்புங்கள். பிறகு ஒரு பக்கச்சில்லை மட்டும் ஒரு செங்கல்லின் மேல் ஏற்றிவைத்து, அதே தாளை மீண்டும் இழுத்துப் பாருங்கள். பக்கச்சில்லுகளுக்குச் சொந்தமாக ஸ்பிரிங் இருந்து அது மடங்கிக் கொடுத்தால் தாள் இறுகி நிற்கும். சட்டத்தோடு அசையாமல் ஒட்டியிருந்தால் தாள் கழன்று வரும். எங்கள் உள்வீதிகளில் அந்தச் செங்கல் உயரத்துக்குக் கல்லும் குழியும் இல்லாத இடம் குறைவு. இருசில்லு ஓட்டுபவர் குழியை விலத்திப் போவார். பக்கச்சில்லுக்காரருக்கு வீதியில் மூன்று தடம், ஏதோ ஒன்று குழியில் விழுந்தே தீரும்.

அடுத்தது வளைவு. இருசில்லு வண்டி வளைவில் உள்ளே சாயும். பக்கச்சில்லு வண்டி சாயாது, நிமிர்ந்தபடியே திரும்பும். உடல் வெளியே தள்ளப்படும், உள்பக்கச் சில்லு தூக்கும். வேகம் இரண்டு மடங்கானால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். 20 கிலோமீற்றர் வேகத்தில் ஒன்றும் தெரியாமல் திரும்பிய சந்தியில் 40 இல் திரும்பினால் கவிழக்கூடும். முன்பு இருசில்லு ஓட்டி, பிறகு கால் இழந்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். கை பழைய பழக்கத்தில் திருப்பும், உடல் பழைய பழக்கத்தில் சாய்வை எதிர்பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மேலுடம்பை உள்பக்கம் கொண்டுபோய்த் திரும்பப் பழக வேண்டும். யாராவது பக்கத்தில் நின்று பழக்கினால்தான் இது வரும்.

இதோடு எங்கள் பாலத்தையும் சேர்த்துப் பாருங்கள். பண்ணையிலிருந்து மண்டைதீவுச் சந்தி வரை இரண்டு பக்கமும் வெறும் கடல்நீரேரி, காற்றை மறிக்க ஒரு பனைகூட இல்லை. சோழகம் அடிக்கும் மாதங்களில் நடந்து போகிறவரையே தள்ளும். பக்கச்சில்லு ஸ்கூட்டர் காற்றில் விழாது, ஆனால் ஹாண்டிலைக் காற்று இழுக்கும். எதிரே பஸ் கடந்துபோகும் நொடியில் காற்று சட்டென்று நின்று, அடுத்த நொடி திரும்ப அடிக்கும். கை பலவீனமானவர் அந்த நொடியில் வீதியின் நடுவுக்குப் போய்விடுவார். வேலணைக்குள் நன்றாக ஓட்டுகிறார் என்பதால் பாலத்தில் ஓட்டுவார் என்று சொல்ல முடியாது. புங்குடுதீவுப் பாலத்துக்கும் இதே கதைதான்.

இனி அட்டைக்கு வருகிறேன். எங்கள் நாட்டில் இந்த விடயத்தை ஆள்வது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் அதன் திருத்தங்களும். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பழகுநர் அனுமதி, எல் பலகையோடு பயிற்சி, கடைசியில் செய்முறைப் பரீட்சை என்பது எல்லோருக்கும் உள்ள வழி. எங்களுக்கும் அதே வழிதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு முடிச்சு இருக்கிறது.

முதல் முடிச்சு வண்டியின் வகுப்பு. 100 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிள் ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ. பெப் ஸ்கூட்டர் 90 சிசிக்கும் உட்பட்டது, டியோ 110. ஏ1 க்கு விண்ணப்பித்துப் பழகிக்கொண்டிருப்பவருக்கு, கடையில் மலிவாகக் கிடைத்தது என்று நீங்கள் டியோ வாங்கிக் கொடுத்தால் அவருடைய விண்ணப்பமே பிழைத்துவிடும். முச்சக்கர வண்டிக்கு பி1 என்ற வகுப்பு வேறாக இருக்கிறது. சில்லுகள் கூடிய ஸ்கூட்டரை மோட்டார் சைக்கிளாகவே கொள்வதா, வேறாகக் கொள்வதா என்ற கேள்வி பரீட்சை நாளில், வெயிலில், வரிசையில் நிற்கும்போது எழக் கூடாது. வாங்குவதற்கு முன்பே கச்சேரியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்துக்கு வண்டியின் மாதிரி, சிசி அளவு, பூட்டப்போகும் சட்டத்தின் படம், அதன் அகலம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றினால் அதைத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் பொறுப்பும் பதிவுச் சொந்தக்காரருடையது. சங்கத்தின் உள்ளூர்ப் பிரதிநிதியின் பெயரிலேயே பதிவு நின்றுவிட்டால் வண்டி பெற்றவரால் இதைச் செய்யவே முடியாது. பதிவை அவர் பெயருக்கு மாற்றிய பிறகே சட்டம் பூட்டுங்கள்.

இரண்டாவது முடிச்சு மருத்துவச் சான்றிதழ். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பம் நகராது. அங்கே வெறுங்கையோடு, கக்கத்தடியோடு மட்டும் போய் நிற்கும் ஒருவரைப் பார்க்கும் வைத்தியருக்குத் தெரிவது இல்லாத கால் மட்டும்தான். எந்த வண்டியை, எந்த மாற்றத்தோடு ஓட்டப்போகிறார் என்ற கடதாசியையும் படத்தையும், சிகிச்சை அளித்தவரின் குறிப்பையும் கொண்டுபோனால் கேள்வியே மாறிவிடும். செயற்கைக்கால் போட்டுவிட்ட யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்திலோ, பெரியாஸ்பத்திரியின் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவிலோ கேட்டால், கையின் பிடிபலம், தோள் அசைவு, இருந்த இடத்தில் சாயாமல் இருக்கும் திறன் ஆகியவற்றை எழுதித் தர ஆட்கள் இருப்பார்கள். பிரித்தானியாவில் இதற்கென்றே மதிப்பீட்டு நிலையங்கள் உண்டு. ஓடாத கார் போன்ற ஒரு கருவியில் இருத்தி, எவ்வளவு விசையோடு பிரேக் அமர்த்துகிறார், எவ்வளவு விரைவாகக் கையைத் திருப்புகிறார் என்று அளந்து பார்த்து, எந்தக் கருவி பொருந்தும் என்று சொல்வார்கள். எங்களுக்கு அப்படி ஒரு கருவி இல்லாவிட்டாலும் அந்த அளவீடுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்.

மூன்றாவது முடிச்சு பயிற்சி. நான் அறிந்த சாரதிப் பயிற்சிப் பாடசாலைகளில் பக்கச்சில்லு வண்டியோ கைநெம்புக் காரோ கிடையாது. சொந்த வண்டி வரும்வரை எங்கள் ஆட்கள் பழகவே முடியாது. வண்டி வந்த பிறகு பழக்க யாரும் இல்லை. பெண்களுக்கு இன்னும் கடினம். கீழே விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும் என்ற ஒரே காரணத்தால் பழகுவதையே கைவிட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

நான்காவது முடிச்சு பரீட்சை. பரீட்சகர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் முன் நாளெல்லாம் வருவது இருசில்லும் ஓட்டோவும் காரும். எங்கள் வண்டி எப்படி ஓடும் என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. இருசில்லு வண்டியை எட்டு வடிவில் சுற்றச் சொல்வது சமநிலையைப் பார்ப்பதற்கு. பக்கச்சில்லு வண்டிக்கு சமநிலை ஒரு கேள்வியே அல்ல. அதன் திரும்பும் வட்டம் பெரியது, அகலம் அதிகம், இருசில்லுக்குப் போட்ட ஒடுங்கிய எட்டில் அது கோட்டை மிதிக்கத்தான் செய்யும். கோட்டை மிதித்ததற்காக ஒருவரைத் தோற்கடிப்பதும் பிழை. பாவம் பார்த்துப் பேசாமல் தேர்ச்சி கொடுத்து விடுவதும் பிழை. அவரிடம் பார்க்க வேண்டியவை வேறு. சொன்ன இடத்தில், நேர்கோட்டில், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துகிறாரா? வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கிறாரா, வளைவுக்குள் போன பிறகு குறைக்கிறாரா? தன் வண்டியின் அகலம் தெரிந்து, நிற்கும் ஓட்டோவை இடித்துவிடாமல் கடக்கிறாரா? ஒரு கையை விட்டுச் சைகை காட்டும்போது ஹாண்டில் நேராக நிற்கிறதா? ஸ்கூட்டரைப் பின்னால் உருட்டக் காலால் முடியாதவர், திரும்ப முடியாத முடக்கில் போய் மாட்டிக்கொள்ளாமல் முன்கூட்டியே யோசிக்கிறாரா?

பிரித்தானியாவில் இது எப்படி நடக்கிறது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். பரீட்சைக்குப் பதியும்போதே உடல்நிலையையும் வண்டியின் மாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். அதற்காகக் கூடுதல் நேரம் ஒதுக்குவார்கள். வண்டி புறப்படும் முன் பரீட்சகரும் ஓட்டுபவரும் அந்தக் கருவிகளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். வீதியில் எதிர்பார்க்கும் தரம் மற்றவர்களுக்கு உள்ளதே, அதில் தள்ளுபடி கிடையாது. மூன்று சில்லு மோட்டார் வண்டியில் பரீட்சை எடுத்து மோட்டார் சைக்கிள் வகுப்புப் பெறும் வழியை 2013 ஜனவரி 19 முதல் அங்கே உடல் வலு குறைந்தவர்களுக்கு மட்டுமே திறந்து வைத்திருக்கிறார்கள். தேறியவரின் அட்டையில் மூன்று சில்லுக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு எழுதப்படும். நானும் எங்களுக்கு அதைத்தான் கேட்கிறேன். கட்டுப்பாடு எழுதினால் எங்களுக்குக் குறைவில்லை. எழுதாமல் விட்டால்தான், மறிக்கும் ஒவ்வொரு பொலிஸ்காரரிடமும் காற்சட்டையை மடித்துக் காலைக் காட்ட வேண்டியிருக்கிறது.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ஊனமுற்றவருக்கென்றே ஆரம்பம் முதல் வடிவமைத்துச் செய்த வண்டியைத்தான் அவருக்குரிய வண்டியாக ஏற்றது. கடையில் வாங்கிப் பிறகு மாற்றியமைத்ததை அந்த வரையறை வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. எங்கள் ஊரிலும் அவர்கள் ஊரிலும் ஓடுவது பெரும்பாலும் அப்படி மாற்றியமைத்த வண்டிதான். 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரையறையை எடுத்துவிட்டு, முறைப்படி மாற்றம் செய்யப்பட்ட வண்டியையும் உள்ளே கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் கேரளாவில் ஜிலுமோள் மரியட் தோமஸ் என்ற பெண், இரண்டு கைகளும் இல்லாமல் பிறந்தவர், முதலமைச்சரிடமிருந்து சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றார். காலால் ஸ்ரியறிங்கைப் பிடிக்கிறார். சிக்னலும் வைப்பரும் குரலுக்கு இயங்கும்படி கொச்சி நிறுவனம் ஒன்று அவருடைய காரை மாற்றிக் கொடுத்தது. முதலில் அவருக்கு மறுப்புத்தான் கிடைத்தது. கார் அவருக்கேற்ப மாறிய பிறகு, அந்தக் காரில் அவர் ஓட்டுவதைப் பார்த்த பிறகுதான் மறுப்பு விலகியது. எங்கள் நாட்டிலும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் வலுவிழந்தோர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியும் இருக்கிறது. கேட்பதற்கு எங்களுக்கு நியாயம் உண்டு. சேர்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை.

நெடுந்தீவையும் நயினாதீவையும் மறந்துவிட வேண்டாம். வேலணைக்காரருக்காவது பாலம் இருக்கிறது. நெடுந்தீவில் உள்ள ஒருவர் தன் சொந்த வண்டியில்தான் பரீட்சை எடுக்க வேண்டும் என்றால், அந்த வண்டியைப் படகில் ஏற்றிக் குறிகாட்டுவானில் இறக்க வேண்டும். இருசில்லையே நாலு பேர் பிடித்துத்தான் படகில் ஏற்றுகிறார்கள். பக்கச்சில்லோடு அகன்று நிற்கும் வண்டியை எப்படி ஏற்றுவது? கழற்றி ஏற்றி, துறையில் மீண்டும் பூட்டினால், அந்த நாளில் பூட்டிய உயரம் சரிதானா என்று யார் பார்ப்பது? அதற்குப் பிறகு குறிகாட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் வரை இரண்டு பாலங்களையும் கடந்து எல் பலகையோடு ஓட வேண்டும். அப்படி ஒரு பயணத்தைச் செய்து முடிப்பவருக்குப் பரீட்சை என்று வேறொன்று எதற்கு என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே உங்களிடம் கேட்பதைத் தெளிவாகச் சொல்கிறேன்.

இனி ஒருவருக்கு வண்டி என்று முடிவெடுத்தால், வண்டிப் பணத்தை முதலில் அனுப்ப வேண்டாம். முதலில் அவருடைய மருத்துவக் குறிப்புக்கும், திணைக்களத்தின் எழுத்துப் பதிலுக்கும், எழுத்துப் பரீட்சைக்கும் ஆகும் செலவைக் கொடுங்கள். வசதி குறைந்தவருக்கு ஒவ்வொரு முறையும் ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணம் போய் வருவதே பெரிய செலவு. அவர் எழுத்துப் பரீட்சை தேறிப் பழகுநர் அனுமதி பெற்ற பிறகு வண்டியை வாங்கி, அவர் பெயரில் பதிந்து, அவரை இருத்தி அளவெடுத்துச் சட்டம் பூட்டுங்கள். தாள் துண்டை வைத்து இழுத்துப் பார்த்து, அந்தக் காணொளியை உங்களுக்கு அனுப்பினால்தான் கராஜுக்கு மீதிக் காசு என்று சொல்லுங்கள். மண்டபத்தில் படம் எடுக்க வேண்டும் என்றால் அனுமதிப்பத்திரம் வந்த நாளில் எடுங்கள். நாங்களும் சந்தோஷமாக வந்து நிற்போம்.

இரண்டு சங்கங்கள் சேர்ந்து வேலணையில் ஒரே ஒரு பயிற்சி வண்டி வாங்கி வையுங்கள். பக்கச்சில்லின் உயரமும் கைப்பிடியின் தூரமும் ஆளுக்கேற்ப மாற்றக்கூடியதாக இருக்கட்டும். தனக்குச் சொந்த வண்டி பொருந்துமா என்று ஒருவர் அதில் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யலாம். பொருந்தாது என்றால் உங்கள் பணம் மிச்சம், அவருடைய உயிரும் மிச்சம். பழக்குவதற்கு ஊரில் பக்கச்சில்லு ஓட்டும் அனுபவசாலிகளில் இருவருக்குச் சம்பளம் கொடுங்கள். நான் உட்பட வரத் தயாராக இருப்பவர்கள் இருக்கிறோம். பெண்களுக்குப் பெண்ணே பழக்கலாம். முற்றத்திலும் ஒழுங்கையிலும் தொடங்கி, கடைசிப் பாடம் சோழகக் காற்றில் பண்ணைப் பாலத்தில் நடக்க வேண்டும்.

உங்கள் சங்கங்கள் எல்லாம் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டு மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு எழுதுங்கள். வேலணைப் பிரதேச செயலகத்தில் வருடத்தில் ஒரு நாள் மருத்துவப் பரிசோதனையும் செய்முறைப் பரீட்சையும் தீவகத்து வலுவிழந்தோருக்கென்றே நடக்கட்டும். நெடுந்தீவு, நயினாதீவு ஆட்கள் வேலணையில் உள்ள பயிற்சி வண்டியிலேயே பரீட்சை எடுக்க அனுமதி கேளுங்கள். அட்டையில் எழுதப்படும் நிபந்தனை, பொலிஸும் காப்புறுதிக்காரரும் படித்தவுடன் விளங்கிக்கொள்ளும்படி மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். அந்தக் கடிதத்துக்கு வேண்டிய விபரங்களை, யார் யாருக்கு எந்த வகுப்பு, எந்த மாற்றம் தேவை என்ற பட்டியலோடு நாங்கள் இங்கிருந்து திரட்டித் தருகிறோம். உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, பொறுப்பாக ஒருவரின் பெயரைக் குறித்து எங்களுக்கு அறிவியுங்கள்.

அன்புடன்,
பக்கச்சில்லு ஸ்கூட்டர் ஓட்டும் உங்கள் ஊர்ச் சகோதரி,
வேலணை